53 மணி நேரம் வேலை, எக்செல் காட்டுவது 5:30

ஒரு பட்டறையில் வேலை பார்ப்பவரின் வாரக் கணக்கை எடுத்துக்கொள்வோம். திங்கள் 8:45 மணி நேரம், செவ்வாய் 9:15, புதன் 8:30, வியாழன் 9:00, வெள்ளி 10:00, சனி 8:00. எக்செல்லில் D2 முதல் D7 வரை இவற்றை அடித்து, D8-இல் கூட்டச் சொல்கிறோம்.

```
=SUM(D2:D7)
```

காகிதத்தில் கூட்டினால் 53:30 வருகிறது. திரையில் நிற்பதோ 5:30.

கூட்டலில் பிழை இல்லை. எக்செல்லுக்கு ஒரு முழு நாள் என்பது 1. ஆறு மணி நேரம் 0.25, பன்னிரண்டு மணி நேரம் 0.5. நம்முடைய 53:30, உள்ளே ஏறத்தாழ 2.229 என்று சரியாகத்தான் இருக்கிறது, அதாவது இரண்டு நாளும் ஐந்தரை மணி நேரமும். ஆனால் அந்தக் கட்டத்தின் வடிவம் h:mm. அது சுவர்க் கடிகாரம் மாதிரி, 24 மணி ஆனதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும். முழு நாட்களைத் தள்ளிவிட்டு மிச்சத்தை மட்டும் காட்டும். சந்தேகம் இருந்தால் D8-ஐச் சொடுக்கி, மேலே உள்ள சூத்திரப் பட்டையைப் பார்க்காதீர்கள், அங்கே SUM மட்டும்தான் தெரியும். கட்டத்தின் வடிவத்தை General என்று மாற்றுங்கள். 2.229 வெளியே வரும்.

சரிசெய்வது எளிது. D8-இல் நின்று Ctrl+1 அழுத்துங்கள். Number தாவலில் Custom-ஐத் தேர்ந்து, Type என்ற பெட்டியில் இருப்பதை அழித்துவிட்டு இதை அடியுங்கள்:

```
[h]:mm
```

h-ஐச் சுற்றியுள்ள சதுர அடைப்புக்குறிதான் விஷயமே. மணிகளை நாளாக மாற்றாமல் எண்ணிக்கொண்டே போ என்று அது சொல்கிறது. OK கொடுத்ததும் 53:30 தெரியும். கூகுள் ஷீட்ஸிலும் இதே குறி செல்லும். அங்கே Format, Number வழியாகப் போய் Duration என்று தேர்ந்தாலும் போதும்.

இந்தத் தவறு கண்ணில் படாமல் போவதற்கு நம் ஊர் வேலைக் கணக்கே ஒரு காரணம். வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது சரியாக இரண்டு நாள். ஆகவே மொத்தத்தில் 48 போக மீதி எவ்வளவோ, அதுதான் தப்பான வடிவத்திலும் தெரியும். நம் ஆளுக்கு ஓவர்டைம் 5:30; திரையிலும் 5:30. பார்ப்பவர் சரி என்று நம்பிவிடுவார். அடுத்த வாரம் ஒரு நாள் விடுப்பு எடுத்து அவர் 46 மணி நேரம் வேலை செய்தால், அதே கட்டம் 22:00 என்று காட்டும். அதை ஓவர்டைம் என்று எடுத்துக்கொண்டால் முதலாளிக்கு நஷ்டம். ஓவர்டைமைத் தனிக் கட்டத்தில் முறையாகக் கழிப்பதே நல்லது:

```
=MAX(0,D8-2)
```

இங்கே 2 என்பது இரண்டு நாள், அதாவது 48 மணி நேரம். MAX இல்லாவிட்டால், குறைவாக வேலை செய்த வாரத்தில் விடை எதிர்மறையாகி, கட்டம் முழுக்க ##### நிரம்பிவிடும்.

கூலி போடும்போதும் இதே அடிப்படை குறுக்கே வரும். மணிக்கு 80 ரூபாய் என்றால் D8*80 என்று பெருக்கிவிடத் தோன்றும். வருவது 178 ரூபாய் 33 காசு, ஏனென்றால் நாட்களை 80-ஆல் பெருக்கியிருக்கிறோம். நாளை மணியாக்க 24-ஆலும் பெருக்க வேண்டும்:

```
=D8*24*80
```

விடைக் கட்டத்துக்கு Number வடிவம் கொடுத்தால் 4,280 ரூபாய் வரும். ஓவர்டைமுக்குத் தனி விகிதம் உண்டென்றால் அதைச் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று நம் கைப்பழக்கம். 8:45 என்பதை 8.45 என்று புள்ளி வைத்து எழுதுவது நமக்கு இயல்பு. எக்செல் அதை எட்டே முக்கால் மணியாக எடுக்காது, 8.45 நாள் என்று எடுத்துக்கொள்ளும். திங்கள்கிழமை அப்படி அடித்துவிட்டால், பழைய வடிவத்தில் மொத்தம் 7:33 என்று சாதுவாக நிற்கும், யாருக்கும் சந்தேகம் வராது. [h]:mm போட்டிருந்தால் 247:33 என்று வந்து நிற்கும். ஒரு வாரத்தில் இருப்பதே 168 மணி நேரம்தான் என்பதால் அங்கேயே பிடித்துவிடலாம். அதனால் மொத்தத்துக்கு மட்டும் அல்லாமல், அன்றாட மணி நேரம் அடிக்கும் D2 முதல் D7 வரையிலான கட்டங்களுக்கும் இதே வடிவத்தைக் கொடுத்துவிடுங்கள். தவறு அடித்த இடத்திலேயே 202:48 என்று தெரிந்துவிடும்.