பூனை மூணு, மியாவ் எத்தனை?

இரண்டரை வயதுக் குழந்தை பத்து வரை கடகடவென்று ஒப்பிக்கும். அதே குழந்தையிடம் பிஸ்கட் டப்பாவை நீட்டி, "பாட்டிக்கு மூணு எடுத்துக் குடு" என்று கேளுங்கள். கை கொள்ளும் அளவுக்கு அள்ளிக் கொடுக்கும். அதற்கு எண்களின் வரிசைதான் தெரியும், அது வெறும் பாட்டு. ரோச்செல் கெல்மன், சி.ஆர். கேலிஸ்டல் என்ற இரு உளவியலாளர்கள் 1978இல் எழுதிய நூலில், எண்ணுவதற்குள் பல விதிகள் அடங்கியிருப்பதாகப் பிரித்துக் காட்டினார்கள். அவற்றில் மூன்று நமக்குப் போதும். வரிசை மாறக்கூடாது. ஒரு பொருளுக்கு ஒரு எண்தான். கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தம்.

முதல் விதியை எந்தப் பாட்டும் கற்றுக்கொடுத்துவிடும். மற்ற இரண்டையும் ஓசைக்குள் வைத்துத் தைப்பதில்தான் எழுதுபவரின் வேலை இருக்கிறது. தூங்கவைக்கும் நேரத்துக்கான ஒரு சின்னப் பாட்டை எழுதிப் பார்ப்போம்.

எண்ணை வரியின் எந்த இடத்தில் வைப்பது? முன்னால் வைத்தால் 'ஒரு பூனை' என்று ஆகிவிடும். குழந்தை விரலை நீட்டி எண்ணும்போது சொல்லும் 'ஒண்ணு' காதிலேயே விழாது. கடைசியில் வைத்தால் 'பூனை ஒண்ணு'. தமிழில் இப்படிச் சொல்வது இயல்பும்கூட. இன்னொரு லாபமும் உண்டு. எண்ணுக்கு முன்பே அதற்கு எதுகையான சொல் ஒன்று வந்துவிட்டால், எண் வருவதற்குள் குழந்தை அதை ஊகித்துவிடும்.

சின்னக் கண்ணு, பூனை ஒண்ணு
பூவில் வண்டு, பூனை ரெண்டு
பாலு வேணும், பூனை மூணு
ஆட்டும் வாலு, பூனை நாலு
மெத்தை பஞ்சு, பூனை அஞ்சு

வரிக்கு நான்கு தட்டு. எண் நான்காவது தட்டில் விழுகிறது. சில இரவுகள் பாடிய பிறகு 'ஆட்டும் வாலு, பூனை...' என்று நிறுத்தினால் மிச்சத்தைக் குழந்தையே சொல்லும். எதுகையில் ஒரு கவனம் வேண்டும். முதலெழுத்து குறிலானால் குறில், நெடிலானால் நெடில் என்று ஒத்துப்போக வேண்டும். 'வேணும்' என்பதற்கு 'மூணு' பொருந்துவதும், 'கண்ணு' பொருந்தாததும் அதனால்தான். பேச்சு வழக்கில் எழுதியிருப்பதற்கும் காரணம் இருக்கிறது: வீட்டில் யாரும் பிஸ்கட்டை 'ஐந்து' என்று எண்ணுவதில்லை.

இனி, ஒரு பொருளுக்கு ஒரு எண். ஒவ்வொரு வரிக்கும் பிறகு அத்தனை முறை 'மியாவ்' சொல்லி, ஒவ்வொன்றுக்கும் குழந்தையின் முதுகில் ஒரு தட்டு தட்ட வேண்டும். இங்கே தமிழே ஒரு பொறி வைத்திருக்கிறது. நம் ஒலிக்குறிப்புகளில் பாதி ஜோடியாகவே வரும்: கீச்கீச், லொள்லொள், சலசல. குருவி ஒன்று என்று சொல்லிவிட்டு 'கீச்கீச்' என்றால் காதுக்கு அது இரண்டு. நாய்க்கும் குருவிக்கும் பதிலாகப் பூனையைப் பிடித்ததற்கு இதுதான் காரணம். 'மியாவ்' தனியாக நிற்கும்.

மூன்றாவது விதிக்கு, மியாவ் முடிந்ததும் எண்ணை மீண்டும் சொல்ல வேண்டும். "மியாவ், மியாவ், மியாவ். மூணு!" பாட்டில் இந்த வால்தான் முக்கியம் என்பேன். இது இல்லாவிட்டால், "எத்தனை பூனை?" என்று கேட்டதும் குழந்தை பதில் சொல்லாமல் மறுபடி ஒண்ணிலிருந்து எண்ணத் தொடங்கும். கடைசி எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். அவசரம் வேண்டாம். குழந்தைகளுக்கு 'ஒண்ணு' என்பதன் பொருள் முதலில் புரியும். பிறகு 'ரெண்டு', பிறகு 'மூணு'. ஒரு படிக்கும் அடுத்ததற்கும் நடுவில் மாதங்கள் போகும். பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்றரை, நான்கு வயதில்தான் முழுதாகப் பிடிபடுகிறது.

தூக்க நேரம் என்பதால் ஒரு சிக்கல்: எண் ஏற ஏற உற்சாகமும் ஏறும். ஐந்தாவது வரியில் குழந்தை எழுந்து உட்கார்ந்து மியாவ் கத்தினால் பாட்டு தோற்றது. அதனால் பூனைகள் கூடக்கூடக் குரலைக் குறையுங்கள். இரண்டாம் சுற்றில் மியாவை விட்டுவிட்டு முதுகில் தட்டு மட்டும். தலைகீழாக எண்ணிக்கொண்டு இறங்கினால் தூக்கம் வருமே என்று தோன்றும். ஆனால் ஏறு வரிசையே நிலைக்காத வயதில் இறங்கு வரிசை குழப்பத்தைத்தான் தரும்.

பத்து வரை போகக்கூடாதா? ஆறுக்குச் சோறு, எட்டுக்குத் தட்டு, பத்துக்கு முத்து என்று எதுகை எளிதாகக் கிடைக்கும். இடறுவது ஏழும் ஒம்போதும். ஏழுக்குக் கூழு அகப்பட்டாலும், சிறுபிள்ளைகளின் நாக்குக்கு ழகரம் வரத் தாமதமாகும். 'ஒம்போது' மற்ற எண்களைவிட ஓர் அசை நீளம். நான்காவது தட்டுக்குள் அடங்காமல் பிதுங்கும். அதற்கு மட்டும் 'பூனை'யைச் சுருக்கி வரியை வேறு மாதிரி கட்ட வேண்டியிருக்கும். ஒரு கையின் விரல்களோடு நிறுத்திக்கொண்டால் அந்தத் தலைவலி இல்லை.