மஹர் மேடையில், கைக்கூலி மறைவில்

ஜும்ஆ தொழுகைக்கு முன் தமிழில் நடக்கும் பயானில் கைக்கூலி அடிக்கடி வந்துபோகிற விஷயம்தான். கைக்கூலி கூடாது என்று ஹஜ்ரத் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் அவர் கடனைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சபை அசையாமல் உட்கார்ந்துவிடும். கூர்மையான பயான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன்.

மார்க்கத்தின் கணக்கு நேரானது. மஹர் மணமகன் மணமகளுக்குத் தருவது, அது அவளுக்கே உரியது. திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் அதை மனமுவந்து கொடுக்கச் சொல்கிறது. வலீமா விருந்தும் மாப்பிள்ளை பொறுப்பு. ஓர் ஆட்டை அறுத்தாவது வலீமா கொடுக்கும்படி அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃபிடம் நபிகள் சொன்னதாக ஹதீஸ் உண்டு. பெண் வீட்டார் ஊரைக் கூட்டி விருந்து வைக்க வேண்டும் என்ற கட்டளை எங்கும் இல்லை.

நடப்பது தலைகீழ். ஒரு தகப்பனார் மண்டபம், பிரியாணி, ரொக்கம் எல்லாவற்றுக்குமாக ஐந்து லட்சம் கடன் வாங்குகிறார் என்று வையுங்கள். வட்டி நூற்றுக்கு இரண்டு ரூபாய். மாதம் பத்தாயிரம் வட்டிக்கே போய்விடும். ஐந்து வருடத்தில் ஆறு லட்சம் கட்டிய பிறகும் அசல் ஐந்து லட்சம் அப்படியே நிற்கும். இதற்கிடையே பெருநாள் சீர், தலைப்பிரசவச் செலவு. வட்டியே ஹராம் என்கிற மார்க்கத்தில், அந்த வட்டிப் பணத்தில் ஒரு நிக்காஹ்! கடனோடு இறந்த ஒருவருக்கு ஜனாஸா தொழவைக்க நபிகள் தயங்கினார்கள். அபூ கதாதா கடனை ஏற்ற பிறகே தொழவைத்தார்கள். அந்தக் கடன் சில தீனார்கள்தான்.

“நாங்க எதுவும் கேக்கல, அவங்க பொண்ணுக்கு அவங்க பிரியப்பட்டுச் செய்றாங்க” என்பது மாப்பிள்ளை வீட்டாரின் வழக்கமான பதில். பெரியவளுக்கு இவ்வளவு செய்தார்கள் என்று தரகர் காதில் போட்டுவைத்த பிறகு கேட்க என்ன இருக்கிறது?

1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் மஹரை வரதட்சணையில் சேர்க்கவில்லை. வரதட்சணை கொடுத்தாலும் வாங்கினாலும் குற்றம் என்கிறது. கேட்காமல் தரும் அன்பளிப்புக்கு விலக்கு உண்டு, ஆனால் பட்டியல் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தப் பட்டியல் எழுதிய கல்யாணத்தை நான் பார்த்ததில்லை.

பயானுக்கு ஒரு வரம்பு இருக்கிறது. பேரம் முடிவாகும் அடுப்பங்கரைப் பேச்சில் இருக்கும் பெண்கள் பல ஊர்களில் ஜும்ஆவுக்கு வருவதில்லை. ஹஜ்ரத்துக்குச் சம்பளம் தருவதோ, தன் வீட்டுக் கல்யாணத்தை ஆடம்பரமாக நடத்திய நிர்வாகம். ஆனால் நிக்காஹ் தப்தர் அந்த நிர்வாகத்தின் கையில்தான் இருக்கிறது. கைக்கூலி வாங்கிய கல்யாணத்துக்குத் தப்தர் தரமாட்டோம் என்று நிற்கும் ஜமாஅத்துகள் உண்டு. அங்கே ரொக்கம் நகையாக மாறுவதும், பக்கத்து ஊரில் நிக்காஹ் நடப்பதும் உண்டுதான். அதனால் அண்டை ஜமாஅத்துகளும் சேர்ந்தே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.