ஆணா, பெண்ணா? பிறந்த பிறகு விளையாடலாம்!

2024 மே மாதம், சென்னையைச் சேர்ந்த யூடியூபர் ஒருவர் தனக்குப் பிறக்கப்போகும் குழந்தையின் பாலினத்தைத் துபாயில் பரிசோதித்துத் தெரிந்துகொண்டார். நண்பர்களைக் கூட்டி விழா எடுத்து அதை அறிவித்தார், வீடியோவும் போட்டார். சுகாதாரத் துறையின் நோட்டீஸ் வீடு தேடி வந்தது. வீடியோவை நீக்கி மன்னிப்புக் கேட்டார்.

சட்டம் சொல்வது என்ன?

கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதை இந்தியாவில் 1994-ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. பெண் கருக்கள் கலைக்கப்பட்டதால் வந்த சட்டம் இது. வாயால் சொன்னால்தான் குற்றம் என்றில்லை; சைகையாலோ வேறு எந்த வழியிலோ உணர்த்தினாலும் குற்றமே. "லட்டா, ஜிலேபியா" என்று பூடகமாகச் சொன்னாலும் தப்ப முடியாது. மருத்துவருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. பாலினம் அறியக் கேட்டுப் போகிறவருக்கும் அதே சிறை. அபராதம் 50,000 ரூபாய் வரை. ஜாமீன் எளிதில் கிடைக்காது. கர்ப்பிணியைக் கணவரோ உறவினரோ கட்டாயப்படுத்தியிருப்பார்கள் என்றே நீதிமன்றம் முதலில் கருதும். கட்டாயத்துக்கு உள்ளான பெண்ணுக்குத் தண்டனை இல்லை.

பாலினம் சொல்வதாக ஒரு ஸ்கேன் மையம் ஆசை காட்டினால், மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநரிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். நீதிமன்றம் செல்லும் எண்ணத்தையும் அதில் குறிப்பிட்டால், 15 நாள் கழித்து நீங்களே நேரடியாக வழக்குத் தொடுக்கலாம்.

சஸ்பென்ஸை எங்கே வைப்பது?

வளைகாப்பில் வயிற்றைப் பார்த்து ஆளாளுக்குச் சொல்வது வெறும் ஊகம். பரிசோதனை முடிவு அல்ல. அந்த ஊகங்களைச் சீட்டில் எழுதி வாங்கி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். பிறக்கும் நாள், எடை, யார் ஜாடை என்பவற்றையும் சேர்த்துக் கேட்டால் ஆட்டம் களைகட்டும்.

குழந்தை பிறந்ததும் வாட்ஸ்அப்பில் முதலில் எடையையும் நேரத்தையும் மட்டும் சொல்லுங்கள். பிறகு பெயரை நாளுக்கு ஓர் எழுத்தாக விடுங்கள். தமிழினி, தமிழினியன் இரண்டில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். த, மி, ழி, னி என நான்கு நாளும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஐந்தாம் நாள் 'ய' வந்தால் பையன். "அவ்வளவுதான்" என்று வந்தால் பெண். மொத்தம் எத்தனை எழுத்து என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். கட்டம் போட்டுக் காட்டினாலும் குட்டு உடைந்துவிடும்.

இந்த ஆட்டத்தில் ரோஸ், நீல பலூன்களுக்கு வேலையே இல்லை. குறிப்பு கொடுக்கும்போது கிரிக்கெட் மட்டை, வளையல் போன்றவற்றையும் தவிருங்கள். பெண்ணும் மட்டை பிடிப்பாள் என்பதால், அந்தக் குறிப்பு தவறான விடைக்குத்தான் இழுத்துப் போகும்.