கிடைத்த இடமும் காத்திருக்கும் இடமும்

சென்ற ஆண்டு பொறியியல் கலந்தாய்வின்போது, சின்ன காஞ்சிபுரத்தில் தறி நெய்யும் வீட்டுப் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். "சார், எனக்குக் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் ஐந்து விருப்பங்களைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?" என்று கேட்டாள். அவளுக்கு நான் சொன்ன விளக்கத்தையே இங்கே தருகிறேன்.

தமிழகப் பொறியியல் சேர்க்கையில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மொத்தம் 200 மதிப்பெண்ணுக்குத் தரவரிசை தயாராகிறது. ஒவ்வொரு சுற்றிலும் நீங்கள் விரும்பும் கல்லூரிகளையும் பிரிவுகளையும் வரிசையாகப் பட்டியலிட்டுப் பூட்டிவிடுகிறீர்கள். கணினி தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்துக் கொள்கிறது. அவரவர் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக உள்ள முதல் இடத்தைத் தருகிறது. இது தற்காலிக ஒதுக்கீடுதான். குறித்த கெடுவுக்குள் உங்கள் பதிலைத் தெரிவிக்காவிட்டால் அந்த இடம் கைவிட்டுப் போகும். நிலுவையில் இருக்கும் இடம் இன்னும் உங்களுடையது ஆகவில்லை என்பதை மறவாதீர்கள்.

பதில் ஐந்து வகைப்படும். இடத்தை ஏற்றுச் சேர்வது, ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருப்பது, இடத்தை விட்டுவிட்டு மேல் விருப்பத்துக்கு மட்டும் காத்திருப்பது, விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவது, கலந்தாய்விலிருந்தே விலகுவது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இடங்களை ஒதுக்கும் ஜோசா கலந்தாய்வில், முதல் வகையைப் போன்றதற்கு 'ஃப்ரீஸ்', அதாவது உறையவைத்தல் என்று பெயர். இரண்டாம் வகையைப் போன்றது 'ஃப்ளோட்'. அதே கல்லூரிக்குள் மட்டும் மேல் விருப்பத்தைக் கேட்பது 'ஸ்லைடு'.

மேல் விருப்பத்துக்கான இடம் எங்கிருந்து வருகிறது? ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். அ, ஆ, இ என்று மூன்று இடங்கள் மட்டும் இருப்பதாக வைத்துக் கொள்வோம். தரவரிசையில் வள்ளி முதலிலும், குமரன் அடுத்தும், செல்வி அதற்கடுத்தும் உள்ளனர். வள்ளியின் பட்டியல் அ, இ. குமரனின் பட்டியல் அ, ஆ, இ. செல்வியின் பட்டியல் ஆ, இ. முதலில் வள்ளிக்கு அ, குமரனுக்கு ஆ, செல்விக்கு இ கிடைக்கின்றன.

இப்போது வள்ளி வேறு படிப்புக்குப் போய்விடுகிறாள். அ காலியாகிறது. குமரன் 'ஏற்றுக் காத்திருக்கிறேன்' என்று சொல்லியிருந்தால் அவன் அ-வுக்கு ஏறுவான். அவன் விட்ட ஆ, காத்திருக்கும் செல்விக்குப் போகும். ஒரே காலியிடம் இருவரையும் மேலேற்றிவிட்டது! ஆனால் குமரன் முன்பே 'சேர்கிறேன்' என்று முடித்திருந்தால், அ காலியானாலும் அவனைத் தேடி வராது. செல்விக்கும் ஆ கிடைக்காது.

வள்ளி பணமும் கட்டாமல், இடத்தையும் விடாமல் இருந்தால் என்ன ஆகும்? காலியிடம் வெளியே தெரியாமல் கிடக்கும். இதைத் தவிர்க்கவே, 2022ஆம் ஆண்டு முதல் ஒதுக்கீடு பெற்றவர்கள் குறித்த நாட்களுக்குள் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற முறை வந்தது. சேர்பவர்கள் கல்லூரியிலும், காத்திருப்பவர்கள் உதவி மையத்திலும் பணம் கட்டுகிறார்கள். கட்டாதவர்களின் இடங்கள் காத்திருப்பவர்களுக்குத் திறக்கின்றன. ஆகவே கலந்தாய்வு தொடங்கும் முன்பே வீட்டில் பணம் தயாராக இருக்க வேண்டும்.

காத்திருப்பதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மேல் இடம் வந்துவிட்டால் பழைய இடம் அந்தக் கணமே அடுத்தவருக்குப் போய்விடும். இரண்டையும் பார்த்துப் பிறகு முடிவு செய்ய இயலாது. மூன்றாம் வகையிலோ கையில் இடமே இல்லை. மேல் இடம் வராவிட்டால் முதல் ஒதுக்கீடும் திரும்பாது.

இனி அந்தப் பெண்ணிடம் வருவோம். கிடைத்தது அவளுடைய மூன்றாவது விருப்பம். "முதல் இரண்டும் எவை?" என்றேன். கோயம்புத்தூரில் இரண்டு கல்லூரிகள். தோழிகள் எழுதியதைப் பார்த்து அவளும் எழுதியிருந்தாள். "அங்கே போய் விடுதியில் தங்குவாயா?" என்றேன். "விடுதிக்குக் கட்ட வீட்டில் வழியில்லை, சார்" என்றாள். காத்திருந்து கோயம்புத்தூர் கிடைத்திருந்தால், காஞ்சிபுரத்து இடம் போயிருக்கும். கோயம்புத்தூருக்கும் போக முடிந்திராது. பட்டியலோ பூட்டப்பட்டுவிட்டது; மாற்ற முடியாது. எனவே அவள் 'ஏற்றுச் சேர்கிறேன்' என்று தேர்ந்தெடுத்தாள்.

இதிலிருந்து பட்டியல் எழுதும் முறையும் விளங்குகிறது அல்லவா? கிடைக்காதோ என்று அஞ்சி, விரும்பும் இடத்தைக் கீழே தள்ள வேண்டாம். அதை மேலே எழுதுவதால் கீழுள்ள இடம் உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு குறைவதில்லை. உங்கள் முறை வரும்போது கணினி முழுப் பட்டியலையும் பார்க்கிறது. ஆனால் கிடைத்தாலும் போக முடியாத இடத்தை மேலே எழுதினால், காத்திருக்கும்போது அதுவே வந்து கையிலிருப்பதை எடுத்துக் கொண்டு போகும்.