இடம் மாறிய ஒரு சாய்கோடு!

தீபாவளிக்கு முந்தின நாள், இரவு 7.50 மணி. மதுரையில் உள்ள ஓர் இனிப்புக் கடையின் அலுவலகத்துக்கு முதல் போன் வந்தது. “ரெண்டு கிலோ அதிரசமும் முறுக்கும் ஆர்டர் போட்டேங்க. அக்கவுன்ட்ல இருந்து காசு எடுத்துட்டாங்க. ஆனா ஆர்டர் உறுதியாச்சுன்னு மெசேஜே வரலியே!” என்றார் ஒரு பெண்மணி. அடுத்த பத்து நிமிடங்களில் அதே புகாரோடு ஏழெட்டு போன்கள்.

கடையின் இணையதளத்தைக் கவனித்துக்கொள்பவர் ஓர் இளைஞர். சிஸ்டம் அட்மின் வேலை. விஷயம் காதுக்கு வந்ததும் தன் மொபைலில் தளத்தைத் திறந்து பார்த்தார். திறந்தது. லட்டு, ஜாங்கிரி படங்கள் பளிச்சென வந்தன. பொருளைத் தேர்ந்தெடுக்க முடிந்தது, பணம் கட்டும் பக்கமும் வந்தது. கம்ப்யூட்டர்களைக் கண்காணிக்கும் திரையில் எல்லாமே பச்சை விளக்கு. “நம்ம பக்கம் சரியாத்தான் இருக்கு அண்ணே. பேமென்ட் கம்பெனியிலதான் பிரச்னை” என்றார்.

முதலாளிக்கு அந்தப் பதில் போதவில்லை. “கீழ பேக்கிங்ல போய்ப் பாரு தம்பி. வீட்டுக்கு வந்ததும் காசு தர்றேன்னு சொன்னவங்க சீட்டு மட்டும்தான் பிரிண்டர்ல வருது. ஆன்லைன்ல காசு கட்டினவங்க சீட்டு ஒண்ணுகூட வரலை.”

அந்த ஒரு வாக்கியத்தில்தான் முதல் துப்பு இருந்தது. தளம் மொத்தமாகப் படுக்கவில்லை. ஒரே ஒரு வழி மட்டும் அடைபட்டிருக்கிறது.

ஆன்லைனில் பணம் கட்டும்போது திரைக்குப் பின்னால் நடப்பது இதுதான். வாடிக்கையாளர் கடையின் தளத்திலிருந்து பேமென்ட் நிறுவனத்தின் பக்கத்துக்குப் போய்ப் பணம் கட்டுகிறார். கட்டி முடித்ததும் அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டர், கடையின் கம்ப்யூட்டரை நேரடியாக அழைத்து, ‘இந்த ஆர்டருக்குப் பணம் வந்துவிட்டது’ என்று தகவல் சொல்கிறது. அந்தத் தகவல் வந்த பிறகுதான் ஆர்டர் உறுதியாகிறது, சீட்டு அச்சாகிறது. இந்த அழைப்பு வாடிக்கையாளர் கண்ணில் படாது. தளத்தைத் திறந்து பார்க்கும் அட்மின் கண்ணிலும் படாது. இந்தக் கடையில் அதற்கான முகவரி `/pay/notify`.

பேமென்ட் நிறுவனத்தின் உதவி எண்ணில் இருபது நிமிடம் காத்திருந்து கேட்டபோது, “நாங்க தகவல் அனுப்பிட்டுத்தான் இருக்கோம் சார். உங்க சர்வர்தான் 404-ன்னு திருப்பி அனுப்புது” என்றார்கள். 404 என்றால், ‘அப்படி ஒரு பக்கமே இங்கு இல்லை’ என்று அர்த்தம். நேற்றுவரை இருந்த பக்கம் இன்று எப்படி இல்லாமல் போகும்?

அன்று மாலை ஒரு வேலை நடந்திருந்தது. பண்டிகைக் கூட்டத்தால் ஆர்டர் வாங்கும் கம்ப்யூட்டர் திணறியது. அதனால் அந்த வேலையை இன்னொரு பெரிய கம்ப்யூட்டருக்கு மாற்றினார் அட்மின். கடையின் தளத்துக்கு வாசல் காவலராக நிற்பது ‘என்ஜின் எக்ஸ்’ என்ற மென்பொருள். வருகிற ஒவ்வோர் அழைப்பையும் எந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்ப வேண்டும் என்பதை அது ஒரு கான்ஃபிக் கோப்பைப் பார்த்து முடிவு செய்யும. அந்தக் கோப்பில் பழைய கம்ப்யூட்டரின் எண்ணை எடுத்துவிட்டுப் புதியதன் எண்ணைப் போட்டார். வழக்கம்போல `nginx -t` கட்டளையால் கோப்பைச் சோதித்தார். ‘சரி’ என்று பதில் வந்தது. 7.10-க்கு ரீலோடு செய்தார்.

ரீலோடு என்பது மென்பொருளை அணைத்துவிட்டு மறுபடி போடுவது அல்ல. ஏற்கெனவே வந்த அழைப்புகளைப் பழைய விதிப்படியே முடித்துக்கொடுத்துவிட்டு, புதிதாக வருபவற்றுக்குப் புதிய விதியைக் கடைப்பிடிப்பது. கோப்பில் இலக்கணப் பிழை இருந்தால் புதிய விதியை ஏற்காமல் பழையபடியே ஓடும். வாடிக்கையாளருக்கு ஒரு நொடிகூடத் தடங்கல் தெரியாது. அதனால்தான் கூட்ட நேரத்திலும் துணிந்து ரீலோடு செய்கிறார்கள்.

புகார் வந்ததோ நாற்பது நிமிடம் கழித்து. அதனால் அட்மின் இரண்டையும் முடிச்சுப் போடவில்லை. இப்போது கணக்கைத் திறந்து, உறுதியாகாமல் நிற்கும் ஆர்டர்களில் முதலாவது எது என்று பார்த்தார். நேரம் 7.11. பணம் கட்டியவர்கள் மெசேஜுக்காகப் பொறுமையாகக் காத்திருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். முதல் புகார் வந்த நேரம் வேறு, முதல் கோளாறு நடந்த நேரம் வேறு. இரண்டாவதைப் பார்த்ததும் சந்தேகம் ரீலோடு பக்கம் திரும்பியது.

பழைய கோப்பின் நகல் கைவசம் இருந்தது. இரண்டையும் `diff` கட்டளையால் ஒப்பிட்டார். பணத் தகவலுக்கான வரி இப்படி வந்தது. மேலே இருப்பது பழையது, கீழே இருப்பது புதியது.

```
<     proxy_pass http://10.0.0.5:8080;
---
>     proxy_pass http://10.0.0.9:8080/;
```

5 இருந்த இடத்தில் 9. அது அவரே வேண்டுமென்று செய்த மாற்றம். கண் அதைப் பார்த்தது, மனம் ‘சரி’ என்றது, அடுத்த வரிக்குப் போய்விட்டார். வித்தியாசம் இருக்கும் என்று எதிர்பார்த்த வரியில் இரண்டாவதாக ஒரு வித்தியாசம் இருந்தால் அது கண்ணுக்குப் படுவதில்லை.

பிடிகொடுத்தது பதிவேடுதான். வாசலில் நிற்கும் மென்பொருள், வருகிற அழைப்பையெல்லாம் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கும். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரும் தனக்கு வந்ததைத் தனியாக எழுதி வைக்கும். ஒரே அழைப்பு இரண்டு இடத்திலும் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

```
வாசல்:  "POST /pay/notify HTTP/1.1" 404
உள்ளே:  "POST /notify HTTP/1.1" 404
```

வாசலுக்கு வந்தது `/pay/notify`. உள்ளே போய்ச் சேர்ந்ததோ வெறும் `/notify`. நடுவழியில் `/pay` காணாமல் போயிருக்கிறது. அப்போதுதான் மறுபடி அந்த வரியைப் பார்த்தார். கடைசியில், அரைப்புள்ளிக்கு முன்னால், ஒரு சாய்கோடு.

அந்தச் சாய்கோடு என்ன செய்யும்? ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். ‘பி பிளாக், 12’ என்று எழுதிய சீட்டோடு ஒருவர் வருகிறார். சாய்கோடு இல்லாவிட்டால் வாட்ச்மேன் சீட்டை அப்படியே கொடுத்து உள்ளே அனுப்புவார். சாய்கோடு இருந்தால், ‘பி பிளாக்’ என்ற பகுதியைக் கிழித்துவிட்டு, ‘12’ என்பதை மட்டும் கொடுத்து அனுப்புவார். பிளாக் தெரியாமல் வந்தவர் உள்ளே அலைந்துவிட்டுத் திரும்புவார். `/pay/` என்ற பகுதி வெட்டப்பட்டு, அந்த இடத்தில் ஒற்றைச் சாய்கோடு மட்டும் நின்றது இப்படித்தான்.

இதில் வேடிக்கை, அது தவறான எழுத்தே அல்ல. அதே கோப்பில், அந்த வரிக்கு நேர் மேலே, இனிப்புகளின் படங்களுக்கான பகுதி இருக்கிறது.

```
location /img/ {
    proxy_pass http://10.0.0.9:8090/;
}
```

இங்கே சாய்கோடு கட்டாயம் வேண்டும். படங்கள் இருக்கும் இடத்தில் `/img` என்ற பெயரே கிடையாது. அதை வெட்டிவிட்டு அனுப்பினால்தான் படம் கிடைக்கும். அவசரத்தில் அட்மின் இந்த வரியை நகலெடுத்து, கீழே ஒட்டி, 8090-ஐ 8080 ஆக்கினார். எண்ணைத் திருத்திய கை, கூடவே வந்த சாய்கோட்டைத் திருத்தவில்லை. மேல் வரியில் சரியாக இருந்த எழுத்து, கீழ் வரிக்கு வந்ததும் பிழையாகிவிட்டது.

`nginx -t` இதைப் பிடிக்காததற்கும் காரணம் அதுதான். ‘மாமா நாளைக்கு வருகிறார்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘மாமா நேற்று வந்தார்’ என்று எழுதினால், இலக்கண ஆசிரியர் அதில் குற்றம் காண மாட்டார். வாக்கியம் சரி, சேதிதான் தப்பு. அந்தச் சோதனை பார்ப்பது வாக்கியத்தை மட்டுமே.

9.05-க்குச் சாய்கோட்டை எடுத்தார். சோதித்தார். ரீலோடு செய்தார். சரியாகிவிட்டதா என்று பார்க்க, அவரே `/pay/notify` முகவரிக்கு ஒரு வெற்று அழைப்பை அனுப்பினார். 404 வரவில்லை, 403 வந்தது. ‘உனக்கு அனுமதி இல்லை’ என்பது அதன் பொருள். பார்ப்பதற்கு அதுவும் பிழைதான். ஆனால், அவர் எதிர்பார்த்தது அதைத்தான். பேமென்ட் நிறுவனத்தின் ரகசியக் கையொப்பம் இல்லாமல் யார் அழைத்தாலும் மறுக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்துக்குச் சொல்லப்பட்ட விதி. மறுத்தது என்றால், அழைப்பு சரியான கதவைத் தட்டியிருக்கிறது. இரண்டு நிமிடத்தில் பேக்கிங் ஹாலில் பிரிண்டர் ஓடத் தொடங்கியது.

வேலை அதோடு முடியவில்லை. 7.10-க்கும் 9.05-க்கும் நடுவே 63 ஆர்டர்கள் நின்றுபோயிருந்தன. பெரும்பாலான பேமென்ட் நிறுவனங்கள், ஒரு தகவல் போய்ச் சேராவிட்டால் சிறிது இடைவெளி விட்டு மறுபடி அனுப்பிப் பார்க்கும். அப்படிப் பாதிக்கு மேல் தாமாகவே உறுதியாகிவிட்டன. மீதியை உடனே கையால் ஏற்றிவிடலாம் என்றார் முதலாளி. “வேண்டாம் அண்ணே, நாம ஏத்தின பிறகு அவங்க தகவலும் வந்தா ஒரே ஆளுக்கு ரெண்டு பெட்டி போயிரும்” என்று தடுத்தார் அட்மின். பேமென்ட் நிறுவனத்தின் கணக்கிலிருந்து பரிவர்த்தனை எண்களின் பட்டியலை இறக்கி, கடையின் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்து, அந்த எண்ணோடு சேர்த்தே ஆர்டரை உறுதி செய்தார்கள். அதே எண்ணில் இரண்டாவது தகவல் வந்தால் கம்ப்யூட்டர் ஒதுக்கிவிடும். பணம் போகவில்லை என்று நினைத்து இரண்டு முறை கட்டியிருந்தவர்கள் நான்கு பேர். அவர்களுக்குப் போன் செய்து சொல்லி, ஒரு தொகையைத் திருப்பி அனுப்பினார்கள். கடைசி சீட்டு பேக்கிங்குக்குப் போனபோது மணி 11.30. விடியற்காலை வண்டியில் ஏற அந்தப் பெட்டிகளுக்கு நேரம் இருந்தது.

பண்டிகை முடிந்ததும் இரண்டு மாற்றங்கள் செய்தார்கள். இப்போது ரீலோடு செய்த பிறகு முகப்புப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துபோவதில்லை. கான்ஃபிக் கோப்பில் எத்தனை வழிகள் உண்டோ அத்தனைக்கும் தலா ஓர் அழைப்பு அனுப்பி, வர வேண்டிய எண் வருகிறதா என்று ஒரு சிறிய நிரல் பார்க்கிறது. `/pay/notify` வழிக்கு வர வேண்டிய எண் 403. வேறு எது வந்தாலும் அட்மினின் மொபைல் அலறும்.

இன்னொன்று, கோப்புக்குள்ளேயே அந்த வரிக்கு மேல் அவர் எழுதி வைத்திருக்கும் குறிப்பு: ‘இங்கே கடைசியில் சாய்கோடு கூடாது. மேலே உள்ள படங்களின் வரியிலிருந்து நகலெடுக்காதே.’