கார் டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடும்?

நம் சாலைகளில் ஒரு சாதாரண காரின் டயர் பொதுவாக 40,000 முதல் 50,000 கிலோமீட்டர் வரை ஓடும். ஆனால் உங்கள் டயருக்கான கணக்கை அதன் பட்டனே சொல்லிவிடும்.

புது டயரில் பட்டன் பள்ளத்தின் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர். அது 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் டயரை மாற்றியாக வேண்டும். பள்ளத்துக்குள் குறுக்கே தெரியும் சிறு மேடுகள் இந்த எல்லையைக் காட்டத்தான் இருக்கின்றன. 20,000 கிலோமீட்டர் ஓடியபின் ஆழம் 5 மில்லிமீட்டர் என்றால், தேய்ந்தது 3. மிச்சம் தேயக்கூடியது 3.4. அதே வேகத்தில் தேய்ந்தால் இன்னும் 22,000 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும்.

இந்தக் கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் காற்றுதான். காற்று குறைந்தால் டயரின் இரு ஓரங்களும் தேயும். கூடினால் நடுப்பகுதி தேயும். ஒரு பக்க ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் பிசகியிருக்க வாய்ப்பு அதிகம். அப்படியே விட்டால், நடுவில் பட்டன் நிறைய இருந்தாலும் டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். எனக்கு இதுதான் வீண்செலவிலெல்லாம் பெரிய வீண்செலவாகத் தோன்றுகிறது.

முன்சக்கரம் இழுக்கும் கார்களில் முன் டயர்கள் சீக்கிரம் தேயும். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றிப் போடுங்கள்.

குறைவாக ஓடும் காரிலும் ரப்பர் வயதாகி வெடிக்கும். டயரின் பக்கவாட்டில் 2322 என்றிருந்தால் அது 2022-ன் 23-வது வாரத்தில் தயாரானது. ஐந்து வருடம் தாண்டினால் ஆண்டுதோறும் கடையில் காட்டிச் சோதித்துக்கொள்ளுங்கள்.