குழாயில் பால் நிறம்: கொழுப்பை நிறுத்தும் சிகிச்சை

உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சைக்குப் பிறகு, மார்பில் செருகியிருக்கும் குழாய் வழியே சில நாட்கள் இளமஞ்சள் நீர் வடிவது வழக்கம். நான்காவது ஐந்தாவது நாளில் குடலுக்கு உணவு கொடுக்கத் தொடங்கியதும், சிலருக்கு அந்த நீர் பால்போல வெளுத்துவிடும். சீழ்தான் என்று வீட்டார் பயந்துபோவார்கள். அந்த நீரை ஆய்வகத்துக்கு அனுப்பினால் விடை கிடைக்கும். ஒரு டெசிலிட்டரில் டிரைகிளிசரைடு 110 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், அது கைல் எனப்படும் கொழுப்பு கலந்த நிணநீராகவே இருக்கும்.

நாம் சாப்பிடும் எண்ணெயும் நெய்யும் குடலில் செரித்ததும் நேராக ரத்தத்துக்குப் போவதில்லை. நுண்ணிய கொழுப்புத் துளிகளாகி நிணநீரில் கலந்து, மார்பு நிணநாளம் வழியே மேலேறி, இடது கழுத்தடியில் இருக்கும் சிரையில் சேருகின்றன. சில மில்லிமீட்டர் அகலமே உள்ள இந்த நாளம் உணவுக்குழாயை ஒட்டியே ஓடுகிறது. பட்டினியாக இருக்கும் நோயாளியிடம் இது நிறமில்லாமல் இருப்பதால், அறுவையின்போது கண்ணில் படாமல் காயப்பட்டுவிடலாம். வயிற்றில் பெருந்தமனியை ஒட்டிய நிணமுடிச்சுகளை எடுக்கும்போதும் இதே சிக்கல் நேரும்.

ஓட்டை மூட வேண்டுமானால் அந்த வழியாகப் போகும் ஓட்டம் குறைய வேண்டும். ஆனால் நோயாளியைப் பட்டினி போடவும் முடியாது. இங்கேதான் எம்.சி.டி. எண்ணெய் உதவுகிறது. சமையல் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் பெரும்பாலும் 16, 18 கார்பன் அணுக்கள் இருக்கும்; எம்.சி.டி.யில் இருப்பவை 8, 10 கார்பன் கொண்டவை. இந்தக் குட்டைக் கொழுப்பு நிணநாளத்தின் பக்கமே போகாமல், குடலிலிருந்து ரத்தத்தின் வழியே நேராகக் கல்லீரலுக்குப் போய்விடுகிறது. கலோரி கிடைக்கும், நாளத்துக்கும் சுமை ஏறாது.

"அப்படியென்றால் தேங்காய் எண்ணெய் கொடுக்கலாமே" என்று கேட்கிறவர்கள் நிறைய. கொடுக்கக் கூடாது. அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். 12 கார்பன் கொண்ட அதில் கணிசமான பங்கு நிணநீர் வழியாகவே போகிறது. 8, 10 கார்பன் அமிலங்கள் இரண்டும் சேர்ந்தே சுமார் 15 சதவீதம்தான்.

60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு 700 மில்லி வடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அவருக்குச் சுமார் 1,800 கலோரியும் 90 கிராம் புரதமும் வேண்டும். வடிகிற நீரோடு மட்டும் ஏறத்தாழ 15 முதல் 20 கிராம் புரதம் போய்விடும். நோயெதிர்ப்புக்கான வெள்ளணுக்களும் கூடவே போகும். வாயால் சாப்பிட முடிந்தால், வழக்கமான கொழுப்பை நாளுக்கு 10 கிராமுக்குள் நிறுத்தச் சொல்வார்கள். இது மிகவும் குறைவான அளவு. தேங்காய்ச் சட்னிக்காகத் துருவிய 30 கிராம் தேங்காயிலேயே அது தீர்ந்துவிடும். ஒரு தம்ளர் டோன்டு பாலில் 6 கிராம் இருக்கிறது. ஆகவே கொழுப்பு நீக்கிய பாலும் மோரும், முட்டையின் வெள்ளைக்கரு, எண்ணெயில் தாளிக்காத சாம்பாரோடு இட்லி, குழைந்த சாதம், பழம் என்று உணவு அமையும். எம்.சி.டி.யை ஒவ்வொரு வேளையும் ஒரு தேக்கரண்டியில் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் வரும். அதிகச் சூட்டை அது தாங்காது. பொரிக்க உதவாது, இறக்கிவைத்த கஞ்சியிலோ சாதத்திலோ கலக்கலாம்.

பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இதற்கு அடுத்த கட்டத்தைத்தான். உணவை மாற்றிய ஓரிரு நாளில் குழாயில் வருவது தெளிந்துவிடும். ஓட்டை மூடிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. கொழுப்பு வராததால் வெண்மை போயிருக்கிறது, அவ்வளவுதான். பார்க்க வேண்டியது அளவை. 700 மில்லி 400 ஆகி, 150 ஆகிக் குறைந்துகொண்டே வந்தால்தான் ஆறுகிறது. தெளிந்த நீர் அதே 700 மில்லி வந்தால் கசிவு அப்படியே இருக்கிறது. அப்போது வாய்வழி உணவை நிறுத்திச் சிரை வழியே ஊட்டம் தருவார்கள். அதில் சேரும் கொழுப்பு நேரடியாக ரத்தத்தில் கலப்பதால் தடையில்லை. ஆக்ட்ரியோடைடு ஊசியும் போடுவதுண்டு. நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் பல நாட்கள் வடிந்தால், நாளத்தை அடைக்கவோ கட்டவோ வேண்டிவரும்.

அளவு குறைந்ததும் குழாயை உடனே எடுப்பதில்லை. முதலில் வழக்கமான கொழுப்பைக் கொடுத்துப் பார்த்து, நீர் வெளுக்காமலும் கூடாமலும் இருந்தால்தான் எடுப்பார்கள். அதற்குப் பிறகும் சில வாரங்கள் கட்டுப்பாட்டைத் தொடரச் சொல்வதுண்டு. அப்படி மூன்று வாரத்தைத் தாண்டும்போது வேறொரு குறையைக் கவனிக்க வேண்டும். உடலால் தயாரிக்க முடியாத லினோலெயிக் அமிலம் எம்.சி.டி.யில் கிடையாது. தோல் வறண்டு செதில் உதிர்ந்தாலோ, முடி கொட்டினாலோ, காயம் ஆறத் தாமதித்தாலோ உணவியல் நிபுணரிடம் சொல்ல வேண்டும். அளந்த சிறிதளவு சூரியகாந்தி எண்ணெயைச் சேர்த்தோ, சிரை வழிக் கொழுப்பு கொடுத்தோ அவர் அதை ஈடுசெய்வார்.